இரவு மாத்திரை மறக்காமலிருக்க: 'இது முடிந்ததும் இது' என்று திட்டமிடும் முறை

சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எழுதித் தரும் மருத்துவர் "தவறாமல் போடுங்க" என்பார். "சரிங்க டாக்டர்" என்று நாமும் மனதாரச் சொல்லிவிட்டு வருவோம். அடுத்த மாதம் பார்த்தால் அட்டையில் பத்துப் பன்னிரண்டு மாத்திரை மிச்சம் இருக்கும். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. அலமாரிவரை வந்த மாத்திரை அங்கிருந்து வாய்க்குப் போகும் கடைசி நான்கடி தூரத்தில்தான் பலருக்குத் தடங்கல். அந்த நான்கடியைக் கடக்க உளவியல் ஆய்வுகளில் நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒரு முறை உண்டு. அதை வீட்டில் எப்படிச் செய்வது என்று இங்கே பார்க்கலாம்.

முறை இவ்வளவுதான்: "தினமும் மாத்திரை போட வேண்டும்" என்று நினைப்பதற்குப் பதிலாக, "இன்ன இடத்தில் இன்ன காரியம் முடிந்ததும் மாத்திரை போடுவேன்" என்று ஒரே வாக்கியமாக முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது. முந்தி நடக்கும் அந்தக் காரியத்தை இந்தக் கட்டுரையில் 'தூண்டுதல்' என்று சொல்கிறோம்.

வெறும் எண்ணம் ஏன் போதவில்லை

"தவறாமல் போட வேண்டும்" என்ற எண்ணத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதற்கு நேரம் என்று ஒன்று இல்லை. இரவு எட்டு மணிக்கும் அது உண்மை, பத்து மணிக்கும் உண்மை. எந்த ஒரு நொடியிலும் "இப்போது செய்யாவிட்டால் தவறிவிடும்" என்று அது சொல்வதில்லை. அதனால் ஒவ்வொரு நொடியிலும் தள்ளிப்போட இடம் இருக்கிறது. கடைசியில் படுக்கையில் விளக்கை அணைத்த பிறகு ஞாபகம் வருகிறது.

எண்ணத்தை இன்னும் உறுதியாக்கினால் சரியாகிவிடுமா? தாமஸ் வெப், பாஸ்கல் ஷீரன் என்ற இரு ஆய்வாளர்கள், மக்களின் எண்ணத்தை வலுப்படுத்திப் பார்த்த 47 சோதனைகளைத் தொகுத்து 2006-ல் வெளியிட்டார்கள். எண்ணம் நன்றாகவே மாறியிருந்தது. நடத்தையோ ஏறக்குறைய அதில் பாதியளவுதான் மாறியிருந்தது.

இதையே ஒரு பிரிட்டிஷ் ஆய்வு 2002-ல் இன்னும் தெளிவாகக் காட்டியது. பல்கலைக்கழக மாணவர்களிடம், வாரத்தில் ஒரு நாளாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சி பற்றி எதுவும் எடுத்துச் சொல்லவில்லை. இரண்டாவது பிரிவினர் இதய நோயின் ஆபத்தைப் பற்றியும் உடற்பயிற்சியின் பலனைப் பற்றியும் படித்தார்கள். மூன்றாவது பிரிவினர் அதையே படித்ததோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப்போகிறோம் என்று எழுதியும் கொடுத்தார்கள். முதல் பிரிவில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். படித்தவர்களில் 35 சதவீதம். எழுதிக் கொடுத்தவர்களில் 91 சதவீதம். பயமுறுத்தும் செய்திகளைப் படித்தது எண்ணத்தைக் கூட்டியதே தவிர, செயலைக் கூட்டவில்லை.

இதை ஒரு கோட்பாடாக 1990-களில் வகுத்தவர் ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். அவர் தரும் விளக்கத்தில் இரண்டு பகுதி உண்டு. ஒரு காட்சியைத் தூண்டுதலாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் மனம் அதற்காக விழிப்போடு இருக்கிறது. வேறு வேலையில் மூழ்கியிருந்தாலும் அது கண்ணில் பட்டதும் கவனம் அங்கே திரும்புகிறது. அடுத்து, என்ன செய்வது என்பது முன்பே முடிவாகிவிட்டதால் அந்த நேரத்தில் யோசிக்க ஒன்றும் இல்லை. களைப்பாக இருக்கும் இரவு பத்து மணிக்கு யோசனை என்று ஒன்று தொடங்கினால் அது பெரும்பாலும் "அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் முடியும். அந்த யோசனையே வேண்டியதில்லை என்பதுதான் இதில் உள்ள லாபம்.

மாத்திரை விஷயத்திலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். 2009-ல் பிரிட்டனில் வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்களிடம் நடந்த ஆய்வில், புட்டியின் மூடி எப்போது திறக்கப்படுகிறது என்று மின்னணுக் கருவி பதிவு செய்தது. ஒரு பிரிவினர் எப்போது, எங்கே, என்ன செய்துகொண்டிருக்கும்போது மருந்து எடுப்போம் என்று ஒரு தாளில் நிரப்பினார்கள். ஒரு மாத முடிவில், உரிய நேரத்தில் எடுத்த வேளைகள் அவர்களிடம் சுமார் 79 சதவீதம். நிரப்பாதவர்களிடம் சுமார் 55 சதவீதம். அந்தத் தாளை நிரப்பச் சில நிமிடங்களுக்கு மேல் ஆகாது.

தொடங்கும் முன்: மறதிதானா என்று பாருங்கள்

மாத்திரை விட்டுப்போவதற்கு இரண்டு வகைக் காரணம் உண்டு. ஒன்று மறதி. மற்றது, போடாமல் விடுவது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் போட்டால் வயிறு கலங்குகிறது, ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போட்டதிலிருந்து கணுக்கால் வீங்குகிறது, "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று தோன்றுகிறது, "காலமெல்லாம் மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். இரண்டாவது வகைக்கு இந்த முறை உதவாது. ஒரு காரியத்தைச் செய்ய மனம் உண்மையிலேயே விரும்பினால்தான் திட்டம் வேலை செய்யும் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: விட்டுப்போனது நினைவுக்கு வந்தபோது "அடடா" என்று இருந்ததா, "பரவாயில்லை" என்று இருந்ததா? "பரவாயில்லை" என்றால் முதலில் மருத்துவரிடம் போய் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ மாற்ற வழி இருக்கும். "அடடா" என்றால் மேலே படியுங்கள்.

தூண்டுதலைத் தேர்ந்தெடுப்பது

வேலையில் முக்கால் பங்கு இங்கேதான். பெரும்பாலோர் அரை நிமிடத்தில் முடிக்கும் பகுதியும் இதுவே, அதனால்தான் திட்டம் ஒரு வாரத்தில் கழன்றுபோகிறது. ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம்.

ஐம்பத்து நான்கு வயது ஆசிரியை ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. மாதத்துக்கு 60 மாத்திரை. மாதக் கடைசியில் 11 மிச்சம். காலை மாத்திரை தவறுவதில்லை, மிச்சம் எல்லாமே இரவுக்குரியவை. அப்படியானால் காலை மாத்திரையைத் தொட வேண்டாம், இரவுக்கு மட்டும் திட்டம் போதும். ஒரே நேரத்தில் ஐந்தாறு காரியங்களுக்கு இப்படித் திட்டம் போட்டால் பலன் குறைகிறது என்று 2012-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது மலைப்பு வந்து, எதிலும் பிடிப்பு இல்லாமல் போய்விடுகிறது.

அவர் ஒரு தாளில் தம் இரவை வரிசையாக எழுதுகிறார்: மற்றவர்களுக்குப் பரிமாறுவது, தாம் சாப்பிடுவது, தட்டு கழுவுவது, மேடை துடைப்பது, பாலுக்கு உறை ஊற்றுவது, கேஸ் ரெகுலேட்டரை மூடுவது, சீரியல், கதவைப் பூட்டுவது, படுப்பது. இந்த வரிசையிலிருந்து ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக ஒரு காரியத்தைக் கண்டுபிடித்தால் அதையே ஞாபகம் வைக்க வேண்டியிருக்கும்.

முதலில் தோன்றுவது "இரவு 9 மணிக்கு". மணி நல்ல தூண்டுதல் இல்லை. ஒன்பது ஆனது கண்ணில் படாது, நாமாகப் போய்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அலாரம் வைக்கலாம், ஆனால் அது அடிக்கும்போது நாம் மாத்திரைக்குப் பக்கத்தில் இருப்போம் என்பதற்கு உறுதி இல்லை. கை மாவில் இருக்கும், அல்லது பஸ்ஸில் இருப்போம். நிறுத்திவிட்டு மறப்போம். போனை நம்பியே பழகினால் பழக்கம் தானாக ஊன்றுவதும் தாமதப்படுகிறது.

அடுத்தது "சாப்பிட்டதும்". கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சாப்பாடு எந்த நொடியில் முடிகிறது? கடைசிக் கவளத்திலா, கை கழுவும்போதா, மோர் குடித்த பிறகா? விளிம்பு தெரியாத காரியம் தூண்டுதலாக நிற்காது. "சீரியல் முடிந்ததும்" என்றால் ஞாயிற்றுக்கிழமை சீரியல் இல்லை. "தட்டு கழுவியதும்" என்றால் கை ஈரம், அட்டையைப் பிரிக்கத் துடைக்க வேண்டும், அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். "உறை ஊற்றி மூடியதும்" கிட்டத்தட்டச் சரி, ஆனால் நேற்றைய தயிர் மிச்சமிருந்தால் அன்று உறை ஊற்றுவதில்லை.

மிஞ்சுவது கேஸ் ரெகுலேட்டர். தினமும் ஒரே ஒரு முறை நடக்கிறது. 'டக்'கென்று ஒரு சத்தத்தோடு முடிகிறது. சாப்பிட்டுக் கால் மணி நேரத்துக்குள் நடப்பதால் மருத்துவர் சொன்ன வேளைக்குள்ளேயே அடங்குகிறது. கை காய்ந்திருக்கிறது, இடமும் சமையலறை. தூண்டுதலை எடைபோட இந்த ஐந்தும் போதும்: தினமும் நடக்கிறதா, ஒரே முறையா, முடிந்தது பளிச்சென்று தெரிகிறதா, மருந்தின் வேளைக்குள் வருகிறதா, அப்போது கையும் இடமும் தோதாக இருக்கிறதா. ஒன்றில் இடித்தாலும் அடுத்ததைப் பாருங்கள்.

இன்னொன்று: ஒரு காரியத்துக்கு முன்னால் செருகுவதைவிடப் பின்னால் சேர்ப்பது நல்லது. "பூட்டும் முன் மாத்திரை" என்றால் கை பழக்கத்தில் பூட்டிவிடும். பல் இடுக்குகளை நூலால் சுத்தம் செய்யப் பழகியவர்களைப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், பல் துலக்கிய பிறகு செய்தவர்களிடம் பழக்கம் வலுவாக ஊன்றியது, துலக்கும் முன் செய்தவர்களிடம் அவ்வளவாக இல்லை.

செயலைச் சுருக்கி, பொருளைப் பக்கத்தில் வைப்பது

தூண்டுதலுக்கும் விழுங்குவதற்கும் நடுவே எத்தனை அசைவு என்று எண்ணிப் பாருங்கள். படுக்கையறை பீரோவில் அட்டை, ஹாலில் தண்ணீர் என்றால் வழியில் டிவி இருக்கிறது. மூன்று நான்கு எட்டுக்குள் எல்லாம் இருக்க வேண்டும். அடுப்பின் சூடும் தொட்டியின் ஈரமும் மாத்திரைக்கு ஆகாது. எனவே சமையலறையிலேயே, ஆனால் அடுப்பைவிட்டுத் தள்ளி, வாசல் பக்க அலமாரியில் கண் மட்டத்தில் டப்பாவை வையுங்கள். சிறு குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில். சாப்பிடும்போதே ஒரு டம்ளர் தண்ணீரை டப்பா அருகே மூடி வைத்துவிடலாம்.

டப்பா ஏழு அறை உள்ளதாக, கிழமை எழுதியதாக இருப்பது நல்லது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். இதற்கு வலுவான காரணம் உண்டு. பழக்கம் ஊன்ற ஊன்ற, செய்ததே நினைவில் நிற்காது. "போட்டேனா இல்லையா" என்ற சந்தேகம் முதல் வாரத்தைவிட மூன்றாவது மாதத்தில்தான் அதிகம் வரும். சந்தேகத்தில் இன்னொன்று போடுவது ஆபத்து. அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. சில மாத்திரைகளை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைக்கக் கூடாது என்பதால், டப்பாவில் போடும் முன் மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிரிக்கக் கூடாதென்றால் அட்டையின் பின்புறம் பேனாவால் கிழமை எழுதினாலே போதும்.

வாக்கியத்தை எழுதுவது

ஆசிரியையின் வாக்கியம் இப்படி அமையும்:

"இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நான் கேஸ் ரெகுலேட்டரை மூடியதும், வாசல் பக்க அலமாரியில் இருக்கும் டப்பாவைத் திறந்து, அன்றைய மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன்."

இதில் "முயற்சி செய்வேன்", "முடிந்தவரை" போன்ற சொல் எதுவும் வரக்கூடாது. "மாத்திரை போடாமல் தூங்க மாட்டேன்" என்று எதிர்மறையாகவும் எழுத வேண்டாம். செய்யக் கூடாததைச் சொல்லும் திட்டங்கள் அந்தச் செயலையே மனதில் முன்னுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன என்று நொறுக்குத்தீனி பற்றிய நெதர்லாந்து ஆய்வுகள் காட்டின. கை என்ன செய்யும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

வாக்கியத்தைத் தாமே கைப்பட எழுதுவது நல்லது. மகளோ மருமகனோ எழுதித் தந்தால் அவர்கள் நினைக்கும் இரவுதான் அதில் இருக்கும். பிறகு ஓரிரு முறை வாய்விட்டுப் படித்து, கண்ணை மூடி மூன்று நிமிடம் அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள்: ரெகுலேட்டரின் சத்தம், திரும்பும் பக்கம், டப்பாவின் நிறம், மூடி திறக்கும் விதம். வீட்டிலேயே சர்க்கரை அளவைப் பரிசோதிக்கும் பழக்கத்தைப் பற்றி 2004-ல் வந்த அமெரிக்க ஆய்வில், அறுபது வயதைக் கடந்தவர்கள் இப்படி ஒரே ஒரு முறை மனக்கண்ணில் பார்த்ததே, வாய்விட்டு ஒப்பித்ததைவிடத் தெளிவாக அதிகப் பலன் தந்தது. அதன் பிறகு எழுந்து போய், மாத்திரை இல்லாமல் ஒருமுறை அந்த அசைவுகளைச் செய்தும் பாருங்கள். டப்பா மூடி இறுக்கமாக இருக்கிறது, அலமாரி இருட்டாக இருக்கிறது போன்ற சங்கதிகள் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பார்ப்பது

தொடங்கிய அன்று இரவுக்கு என 14 மாத்திரையைத் தனியே ஒதுக்குங்கள். பதினைந்தாம் நாள் மிச்சத்தை எண்ணுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம், ஏறக்குறைய எல்லோரும் உண்மையைவிட நன்றாகப் போட்டதாகவே நினைக்கிறார்கள்.

மிச்சம் இருந்தால் ஒவ்வொரு தவறலுக்கும் ஒரே கேள்வி: அன்று எப்போது ஞாபகம் வந்தது? பதிலைப் பொறுத்துத்தான் தீர்வு.

அந்த நேரத்திலேயே ஞாபகம் வந்து, "இதை முடித்துவிட்டு" என்று தள்ளிப்போயிருந்தால் தூண்டுதல் சரி, செயல் தூரமாக இருக்கிறது. டப்பாவை அருகே கொண்டுவாருங்கள். ரெகுலேட்டரை மூடியும் ஒன்றும் தோன்றாமல் படுக்கையில்தான் ஞாபகம் வந்தது என்றால், தூண்டுதல் பழக்கத்தில் மங்கிப்போயிருக்கிறது. ரெகுலேட்டரில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம் மாட்டி, மறுபடி மூன்று நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கலாம். அந்தக் காரியமே அன்று நடக்கவில்லை என்றால் தூண்டுதலையே மாற்ற வேண்டும்.

நம் ஆசிரியைக்கு 3 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளும் ரெகுலேட்டரை மூடியது கணவர். தூண்டுதல் நடந்தது, ஆனால் ஆசிரியையின் கையால் நடக்கவில்லை. வீட்டில் பேசி, இரவில் அதை மூடுவது தம் வேலை என்று வைத்துக்கொண்டால் வாக்கியம் அப்படியே நிற்கும். இதை "எனக்கு ஞாபக சக்தி இல்லை" என்று எடுத்துக்கொண்டிருந்தால் திட்டமே கைவிடப்பட்டிருக்கும்.

ஒரு நாள் தவறினால் எல்லாம் முதலிலிருந்து என்று பயப்பட வேண்டாம். லண்டனில் 2010-ல் வெளியான ஆய்வில், புதிய காரியம் ஒன்று யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுமட்டக் கணக்கில் 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது அந்த வளர்ச்சியைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

வழக்கம் மாறும் நாட்கள்

கல்யாணம், திருவிழா, ஊர்ப்பயணம், விரதம். இந்த நாட்களில் ரெகுலேட்டரும் இல்லை, அலமாரியும் இல்லை. இதற்கு ஒரே ஒரு துணை வாக்கியம் போதும்: "இரவுச் சாப்பாடு வெளியில் என்று தெரிந்து கிளம்பும்போது, செருப்பு மாட்டும் முன் ஒரு மாத்திரையைப் பர்ஸில் வைப்பேன், அங்கே இலையை மடித்ததும் போடுவேன்." இங்கே 'முன்' என்று வருவது சற்றுப் பலவீனம்தான், ஆனால் அடிக்கடி வராத நாள் என்பதால் சமாளிக்கலாம். முதல் வாக்கியம் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகே இதைச் சேருங்கள்.

விரத நாளில் சாப்பிடாமல் மாத்திரையை என்ன செய்வது, ஒரு வேளை விட்டுப்போனால் எத்தனை மணிக்குள் போடலாம் என்ற இரண்டையும் அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்னதை டப்பா மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். மருந்துக்கு மருந்து பதில் மாறும். விட்டதைச் சேர்த்து இரண்டாகப் போடுவதை மட்டும் அவரைக் கேட்காமல் எப்போதும் செய்ய வேண்டாம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

மேலே சொன்ன எண்களைப் பார்த்து எல்லாக் காரியத்திலும் இதே பாய்ச்சல் வரும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களிடம் ஃபுளூ தடுப்பூசி பற்றி நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளச் சொன்ன கடிதம் வந்தவர்களில் 37 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள், சாதாரணக் கடிதம் வந்தவர்களில் 33 சதவீதம். வித்தியாசம் நான்கு சதவீதப் புள்ளிதான். பலருக்குத் தடுப்பூசி போடும் விருப்பமே இல்லாமல் இருந்திருக்கலாம், கடிதத்தில் இருந்த கட்டத்தை நிரப்பினார்களா என்றும் யாரும் பார்க்கவில்லை. விருப்பம் இருந்து, வாக்கியத்தைத் தாமே எழுதி, தூண்டுதலைத் தம் வீட்டு வழக்கத்திலிருந்து எடுத்தால் பலன் கூடும்.

மருத்துவர் மாத்திரையையோ வேளையையோ மாற்றினால் அன்றே பழைய வாக்கியத்தை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். சாப்பாட்டுக்குப் பின் என்பது சாப்பாட்டுக்கு முன் என்று மாறினால் ரெகுலேட்டர் இனி உதவாது. முதல் தட்டை அலமாரியிலிருந்து எடுப்பதோ குக்கர் அடுப்பை அணைப்பதோ அந்த இடத்துக்கு வரலாம். பழைய தூண்டுதல் சில வாரம்வரை கையை டப்பா பக்கம் இழுக்கும். இரண்டு முறை போட்டுவிடாமல் காப்பது அப்போது கிழமை எழுதிய அறைகள்தான். ஆகவே டப்பாவையும் அன்றே புது வேளைப்படி நிரப்பிவிடுங்கள்.